கொழும்பில் வளர்ந்த இரண்டாம் தலைமுறையும் சமய அடையாளமும்: குறுகிய வினாக்கொத்து தயாரிக்கும் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் சமூகவியல் படிக்கும் மாணவர் குழுக்களுக்கு வினாக்கொத்து தயாரிப்பதில் சில வருடங்களாக உதவி வருகிறேன். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுடைய சமயமும் என்ற தலைப்பை ஆண்டுதோறும் ஒரு குழுவாவது தெரிந்தெடுக்கிறது. அவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கான விடைகளை ஒரே உதாரணத்தை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1983-க்குப் பின் வெவ்வேறு காலங்களில் கொழும்பில் குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள், வயது 18 முதல் 24 வரை, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசிக்கும் 60 பேர், 13 கேள்விகள். ஆய்வின் மையக் கேள்வி இதுதான்: இவர்களுடைய சமய அடையாளம் பெற்றோரின் ஊர்க் கோயிலோடு பிணைந்திருக்கிறதா, அல்லது கொழும்பிலேயே வேர் பிடித்திருக்கிறதா?

இரண்டாம் தலைமுறை என்றால் கொழும்பில் பிறந்தவர்கள்தானே? பிறந்த இடத்தைக் கேட்டால் போதாதா?

போதாது. எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போவாள். அதனால் கொழும்பிலேயே வளர்ந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாணம் என்று இருக்கலாம். அவருடைய தம்பியின் சான்றிதழில் கொழும்பு என்று இருக்கலாம். பிறந்த இடத்தை அளவுகோலாக எடுத்தால் ஒரே வீட்டில் ஒரே மாதிரி வளர்ந்த அண்ணனை விலக்கித் தம்பியைச் சேர்ப்பீர்கள். போர்க் காலத்தில் பாதை மூடியிருந்தபோது இது இன்னும் சிக்கலானது, ஏனென்றால் எங்கே பிள்ளை பிறக்கும் என்பதைக் குடும்பத்தின் விருப்பத்தைவிடப் போக்குவரத்தே பல வேளைகளில் முடிவு செய்தது.

ஆகவே, “முதலாம் ஆண்டில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் சேர்ந்தீர்கள்?” என்று கேளுங்கள். எவரும் இதைத் தயங்காமல் சொல்வார்கள். வளர்ந்த சூழலையும் இதுவே சரியாகக் காட்டும். பெற்றோருக்கு, “15 வயது வரை பெரும்பாலும் எந்த மாவட்டத்தில் வளர்ந்தார்?” என்று தாயையும் தந்தையையும் தனித்தனியே கேளுங்கள். இருவரையும் சேர்த்துக் கேட்டால், தாய் யாழ்ப்பாணமும் தந்தை கண்டியுமான குடும்பத்துப் பிள்ளைக்கு விடை எழுத இடமில்லாமல் போய்விடும்.

பாடசாலை வயதில், நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளை ரூபன் ரும்பாட் என்ற சமூகவியலாளர் ‘ஒன்றரைத் தலைமுறை’ என்று குறிப்பிட்டார். ஆறாம் ஆண்டில் கொழும்புக்கு வந்தவரை இரண்டாம் தலைமுறைக்குள் சேர்க்கக் கூடாது. ஊர்க் கோயிலில் ஓடி விளையாடிய நினைவு அவருக்குச் சொந்த நினைவாக இருக்கும். இன்னொன்றையும் அறிக்கையின் முதற் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ரும்பாட் போன்றோர் எழுதியது நாடு விட்டு நாடு சென்றவர்களைப் பற்றி. நீங்கள் ஆராய்வது ஒரே நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்களை. சொல்லை இரவல் வாங்கலாம். அவர்களுடைய முடிவுகளை அப்படியே கொழும்புக்குப் பொருத்த முடியாது.

“உங்கள் சமயம் என்ன?” என்று ஒரு கேள்வி போட்டால் போதுமே, ஏன் பல?

2001-ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்பில் “உங்கள் சமயம் என்ன?” என்று கேட்டபோது ஏறத்தாழ 15 வீதத்தினர் சமயம் இல்லை என்றார்கள். அதே காலத்தில் பிரித்தானிய சமூக மனப்பாங்கு ஆய்வு, “ஏதாவதொரு சமயத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?” என்று கேட்டபோது ஏறத்தாழ 40 வீதத்தினர் இல்லை என்றார்கள். முதலாவது கேள்வி எல்லோருக்கும் ஒரு சமயம் உண்டு என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. அதனால் பலர் குடும்பத்தின் சமயத்தை எழுதிவிட்டார்கள். இரண்டாவது கேள்வி, முதலில் நீங்கள் அதைச் சேர்ந்தவரா என்று கேட்கிறது. ஆய்வு முறையில் வேறு வித்தியாசங்கள் இருந்தாலும் இடைவெளியின் பெரும் பகுதிக்குக் கேள்வி அமைந்த விதமே காரணமாகச் சொல்லப்படுகிறது.

எங்கள் பிள்ளைகளிடமும் இதுவே நடக்கும். பாடசாலையில் க.பொ.த. சாதாரண தரம் வரை சமயம் ஒரு பாடம்; படிவம் எதை நிரப்பினாலும் சமயத்துக்கு ஒரு கட்டம் உண்டு. கேட்டவுடன் கை தானாக எழுதும். எனவே இரண்டாகப் பிரியுங்கள். “நீங்கள் வளர்ந்த வீட்டின் சமயம் எது?” என்பது ஒன்று. “இன்று உங்களை எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகவாவது கருதுகிறீர்களா? ஆம் எனில் எது?” என்பது மற்றது. இந்த இரண்டுக்கும் இடையே விடை மாறுகிறதா என்பதுதான் உங்களுக்குத் தேவையான தகவல்.

விடைகளின் பெயர்களிலும் கவனம் வேண்டும். எங்கள் குழு ஒன்று முதல் வரைவில் “நீங்கள் சைவமா?” என்று எழுதியிருந்தது. பரீட்சார்த்தமாக வாசிக்கக் கொடுத்த ஒரு மாணவி பேனையை வைத்துவிட்டு, “வீட்டில சைவம்தான் அண்ணா, ஆனா வெளியில கோழி சாப்பிடுவன், அப்ப என்ன போட?” என்று கேட்டார். அவர் மரக்கறி உணவைப் பற்றிய கேள்வி என்று நினைத்திருக்கிறார். “சைவசமயம் / இந்து சமயம்” என்று சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் தீரும். அதேபோல இலங்கையில் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லைப் பலர் கத்தோலிக்கர் அல்லாதவருக்கே பயன்படுத்துகிறார்கள். குடிசன மதிப்பும் உரோமன் கத்தோலிக்கத்தையும் ஏனைய கிறிஸ்தவத்தையும் வேறு வேறாகவே கணக்கிடுகிறது. நீங்களும் பிரித்தே கொடுங்கள். பெந்தகோஸ்தே சபைகளுக்குப் போகிறவர்களைக் குறிக்கத் தெருவில் வழங்கும் சொற்கள் எதுவும் வினாக்கொத்துக்குள் வரக் கூடாது.

கோயிலுக்கு அடிக்கடி போவீர்களா என்று கேட்டால் என்ன பிழை?

‘அடிக்கடி’ என்பதற்கு ஆளுக்கொரு அளவு உண்டு என்பது முதற் பிழை. இரண்டாவது, பொதுவாகக் கேட்டால் மனிதர் தாம் எப்படிப்பட்டவர் என்று சொல்வார்களே தவிர, தாம் என்ன செய்தோம் என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் ஹாடவே, மார்லர், சேவ்ஸ் என்ற மூவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தேவாலயத்துக்குப் போவதாகக் கருத்துக்கணிப்பில் சொன்னவர்களையும், உண்மையில் வந்திருந்தவர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டார்கள். வந்தவர்கள் சொன்னதில் ஏறத்தாழப் பாதிதான். அவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னவர்கள் அல்லர். “நான் போகிறவன்தான்” என்பதை எண்ணாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே காலத்தைக் கட்டுங்கள்: “இன்றிலிருந்து பின்னோக்கி 4 வாரங்களில் எத்தனை நாட்கள் ஒரு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போனீர்கள்?” விடை எண்ணாக இருக்கட்டும். கேள்விக்குக் கீழே சிறிய எழுத்தில், “சைவ சமயத்தவர் வெள்ளி, செவ்வாய்க் கிழமைகளையும் கிறிஸ்தவர் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள்” என்று ஒரு வரி சேர்த்தால் ஊகம் குறைந்து நினைவு கூடும்.

ஆனால் இந்தக் கேள்விக்குள் வேறொரு பொறி இருக்கிறது. அதைப் பெண் மாணவிகள்தான் எனக்குக் காட்டினார்கள். நான்கு வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில் மாதவிடாய் காரணமாகக் கோயிலுக்குப் போகாமல் இருப்பது பல வீடுகளில் வழக்கம். உறவில் ஒரு மரணம் நடந்திருந்தால் துடக்கு என்று 31 நாட்கள் முழுக் குடும்பமும் போகாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 4 வாரங்களுக்கும் ‘0’ என்று எழுதும். அந்தப் பூச்சியம் கோயில் மரபை நுணுக்கமாகக் கடைப்பிடித்ததன் அடையாளம். நீங்களோ அதை ஈடுபாடின்மை என்று எண்ணிவிடுவீர்கள். அடுத்த கேள்வியாக, “இந்த 4 வாரங்களில் வழக்கம் காரணமாகப் போகாமல் இருந்த நாட்கள் இருந்தனவா? ஆம் / இல்லை” என்று மட்டும் கேளுங்கள். காரணத்தைக் கேட்க வேண்டாம். ஆம் என்று சொன்னவர்களைத் தனியாக வைத்து எண்ணினால் போதும்.

காலமும் முக்கியம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள்ளோ, கந்தசஷ்டி விரத நாட்களிலோ, திருவெம்பாவைக் காலத்திலோ தரவு சேகரித்தால் எண்ணிக்கை உயர்ந்திருக்கும். தவக்காலத்தில் சேகரித்தால் கத்தோலிக்கருக்கு உயரும். சேகரித்த திகதிகளை அறிக்கையில் எழுதாவிட்டால் வாசிப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

சைவப் பிள்ளைகள் அந்தோனியாரிடமும் போகிறார்களே, அதை எங்கே சேர்ப்பது?

வழிபாட்டிடத்துக்குள் சேருங்கள், சமயத்துக்குள் சேர்க்க வேண்டாம். கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் செவ்வாய்க்கிழமை நிற்கிறவர்களில் கணிசமானோர் கத்தோலிக்கர் அல்லர். அங்கே மெழுகுதிரி ஏற்றிவிட்டு, அருகிலுள்ள பொன்னம்பலவாணேஸ்வரத்திலும் கும்பிட்டு வருகிறவர்களைக் கொட்டாஞ்சேனைக்காரர் எல்லோரும் அறிவார்கள். இதைக் குழப்பம் என்று நினைத்துத் தரவிலிருந்து துடைத்துவிடும் மாணவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன், ஏனெனில் கொழும்பு வாழ்க்கை இவர்களுக்குக் கொடுத்த புதிய பழக்கமாக இது இருக்கலாம். “கடைசியாக நீங்கள் போன வழிபாட்டிடம் எது? அது எந்த ஊரில்?” என்று திறந்த கேள்வியாகக் கேட்டு, விடையை அவர்களுடைய சொல்லிலேயே எழுதவிடுங்கள்.

ஊர்க் கோயிலோடு உள்ள பிணைப்பை எப்படி அளப்பது?

முதல் வரைவில் எல்லாக் குழுக்களும், “உங்கள் ஊர்க் கோயில் உங்களுக்கு முக்கியமா?” என்று எழுதி ஐந்து நிலை விடைகளைக் கொடுக்கும். எல்லோரும் ‘மிக முக்கியம்’ என்று போடுவார்கள். ஊரை முக்கியமில்லை என்று எழுத எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. எல்லோரும் ஒரே விடையைத் தரும் கேள்வியால் ஒருவரையும் மற்றவரையும் வேறுபடுத்த முடியாது.

அதற்குப் பதிலாக, பிணைப்பு இருந்தால் மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய அல்லது செய்திருக்கக்கூடிய விடயங்களைக் கேட்க வேண்டும். மூன்று போதும். ஒன்று, “பெற்றோரின் ஊர்க் கோயில் திருவிழா எந்த மாதத்தில் நடக்கிறது?” தெரியாது என்பதும் ஒரு விடையாக இருக்கட்டும். இரண்டு, “கடைசியாக அந்தத் திருவிழாவுக்கு எந்த ஆண்டு போனீர்கள்? போனதில்லை எனில் 0 எழுதவும்.” மூன்று, “அந்தத் திருவிழாவில் உங்கள் குடும்பத்துக்கு உபயம் உண்டா?” உபயம் என்பது ஒரு நாள் திருவிழாச் செலவைக் குடும்பமாக ஏற்பது, தந்தை இறந்தால் மகனிடம் வந்து சேரும் பொறுப்பு அது. இதற்கு ‘தெரியாது’ என்று எழுதும் பிள்ளையும், ‘ஆம், ஐந்தாம் திருவிழா’ என்று எழுதும் பிள்ளையும் ஒரே அளவுக்குப் பிணைந்தவர்கள் அல்லர் என்பதைக் காட்ட வேறு எந்த அளவுகோலும் தேவையில்லை. கத்தோலிக்கருக்கு இதே மூன்றையும் பங்கின் திருநாள், நவநாள் என்று மாற்றி எழுதலாம்.

இந்தப் பகுதியோடு, “கடைசியாகப் போனபோது யாருடன் போனீர்கள்?” என்பதையும் சேருங்கள். தனியாக, நண்பர்களுடன், பெற்றோருடன் என்ற மூன்று விடைகளும், தானாகப் போகிறவரையும் அம்மா எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறவரையும் வேறுபடுத்த உதவும்.

பெற்றோருடைய ஈடுபாட்டையும் பிள்ளைகளிடமே கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அது பெற்றோரின் ஈடுபாடு அல்ல, பிள்ளை அதைப் பார்க்கும் விதம் என்று எழுத வேண்டும். “உங்கள் தாயோடு ஒப்பிட்டால் நீங்கள் வழிபாட்டில் ஈடுபடுவது கூடவா, குறைவா, ஏறத்தாழச் சமமா?” என்ற ஒரு கேள்வி போதும். தாயைக் கேட்பதற்குக் காரணம், பெரும்பாலான வீடுகளில் விரதமும் வெள்ளிக்கிழமை விளக்கும் அவர் கையில் இருப்பதுதான்.

மொத்தம் எத்தனை கேள்விகள் வந்துவிட்டன? எந்த வரிசையில் போடுவது?

மேலே சொன்னவை, தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனிக் கட்டங்களுள்ள கேள்வியை ஒன்றாக எண்ணினால், 12. வயது பதின்மூன்றாவது. வயதையும் பாடசாலை மாவட்டத்தையும் பெற்றோர் வளர்ந்த மாவட்டத்தையும் முதலில் போடுங்கள், ஏனெனில் தகுதியில்லாதவரை அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அடுத்து, செய்தவற்றைப் பற்றிய கேள்விகள். “இன்று உங்களை எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகவாவது கருதுகிறீர்களா?” என்பது கடைசிக்கு வரட்டும். அதை முதலில் போட்டால், ‘ஆம், சைவம்’ என்று எழுதியவர் அதற்கு ஒத்துப்போகும்படி கோயிலுக்குப் போன நாட்களையும் கூட்டி எழுதுவார்.

தமிழில் தயாரிப்பதா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். ஆங்கில மொழி மூலம் படித்தவர்கள் பேசும் தமிழை வைத்திருந்தாலும் எழுத்துத் தமிழில் தடுமாறுவார்கள். ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற்ற, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் தமிழுக்குத் திருப்பட்டும். திரும்பி வந்ததில் உபயம் ‘நன்கொடை’ ஆகியிருந்தால் அந்தக் கேள்வி பழுது. ஆங்கிலப் படிவத்திலும் உபயம் என்ற சொல்லையே வைத்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் 60 பேர் கிடைப்பார்கள்தானே?

ஒரே இரவில் கிடைப்பார்கள். யார் கிடைப்பார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் குழுவில் ஒருவர் இந்து மாணவர் மன்றத்தில் இருந்தால், அவருடைய குழுமங்கள் வழியாகக் கோயிலோடு நெருக்கமானவர்களே வருவார்கள். சமயத்தை விட்டு விலகியவர் அந்தக் குழுமத்தில் இருக்கவே மாட்டார். அதனால் தொடக்கப் புள்ளிகளை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்: ஓர் ஆங்கில வகுப்பு, ஒரு கிரிக்கெட் அணி, ஒரு தொழிற்பயிற்சி நிலையம், ஒரு கோயில் இளைஞர் மன்றம், ஒரு பங்கின் இளையோர் குழு, ஒரு வேலைத்தளம் என்று ஆறு இடங்களிலிருந்து பத்துப் பேர் வீதம். ஒவ்வொரு தொடக்கப் புள்ளிக்கும் தனித்தனிப் படிவம் வைத்தால், எந்த இடத்து விடைகள் எப்படி வேறுபடுகின்றன என்பதையும் பார்க்கலாம்.

கூகுள் படிவத்தில் “Collect email addresses” என்ற அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் பாருங்கள். “Limit to 1 response” என்பதை இயக்கினால் விடை எழுதுகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டியிருக்கும். மின்னஞ்சல் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவர் அதை நம்பாமல் மூடிவிடக்கூடும். அதையும் இயக்க வேண்டாம்.

பெயர் கேட்கவில்லையே, பிறகு எதற்குக் கவலை?

வெள்ளவத்தை, வயது 21, பெண், கத்தோலிக்கர், தந்தை ஊர்காவற்றுறை என்று ஐந்து விடைகள் சேர்ந்தால் பெயரே தேவையில்லை. அந்தப் பங்கில் யாரைக் கேட்டாலும் ஆளைச் சொல்வார்கள். அதனால்தான் பெற்றோரின் ஊரைக் கேட்காமல் மாவட்டத்தோடு நிறுத்தினோம். வீதியின் பெயர், சாதி, சாதியை ஊகிக்கவைக்கும் எதுவும் வேண்டாம். கடைசியாகப் போன வழிபாட்டிடத்தின் பெயரை அறிக்கையில் எழுதாமல், ‘கொழும்பு’, ‘பெற்றோரின் மாவட்டம்’, ‘வேறிடம்’ என்று மாற்றி எழுதுங்கள்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் சமய நம்பிக்கையை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. எனவே முதற் பக்கத்தில் தெளிவான சம்மதம் பெறுங்கள், 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்காதீர்கள், மதிப்பெண் வந்தவுடன் மூலத் தரவை அழித்துவிடுங்கள்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம், “எந்த ஊர்? எப்போது வந்தீர்கள்? ஏன் வந்தீர்கள்?” என்ற மூன்றும் சோதனைச் சாவடியிலும் பொலிஸ் பதிவிலும் கேட்கப்பட்ட கேள்விகள். 2007 ஜூன் மாதத்தில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பல நூறு பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்ததை இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் மறக்கவில்லை. ஒரு மாணவர் வீட்டு மண்டபத்தில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, தாளை வாங்கி முதற் பக்கத்தை வாசித்துவிட்டு, “தம்பி, இது ஆருக்குப் போகுது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாத குழு இன்னும் தயாராகவில்லை.

60 பேரின் விடைகளை வைத்து என்ன எழுத முடியும்?

60 பேரும் குலுக்கல் முறையில் தெரிவானவர்கள் என்றாலே ஒரு வீதம் இருபுறமும் ஏறத்தாழ 13 புள்ளிகள் வரை விலகியிருக்கலாம். உங்களுடையதோ குலுக்கல் மாதிரி அல்ல. ஆகவே ‘36.7 வீதம்’ என்று எழுதாமல், ‘60 பேரில் 22 பேர்’ என்று எழுதுங்கள். ‘கொழும்புத் தமிழ் இளைஞர்’ என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் வேண்டாம்.

எண்ணிக்கையைவிட, விடைகள் ஒருவருக்குள் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பாருங்கள். உதாரணத்துக்கு இருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் தம்மைச் சைவசமயத்தவர் என்கிறார்கள். இருவரும் தாயைவிட ஈடுபாடு குறைவு என்கிறார்கள். முதலாமவர் 4 வாரங்களில் 3 நாட்கள், நண்பர்களுடன், வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஊர்த் திருவிழா எந்த மாதம் என்று அவருக்குத் தெரியாது. இரண்டாமவர் 4 வாரங்களில் ஒரு நாளும் போகவில்லை. ஆனால் கடந்த ஆண்டு ஊர்த் திருவிழாவுக்குப் பெற்றோருடன் போயிருக்கிறார், குடும்ப உபயம் எந்த நாள் என்று தெரியும். “சமய ஈடுபாடு” என்று ஒரே மொத்தப் புள்ளி போட்டிருந்தால் முதலாமவர் உயர்ந்தவராகவும் இரண்டாமவர் குறைந்தவராகவும் தோன்றியிருப்பார்கள். உண்மையில் ஒருவருடைய சமயம் கொழும்பில் இருக்கிறது, மற்றவருடையது ஊரில் இருக்கிறது. 60 பேரையும் இப்படி நான்கு கட்டங்களில் வைத்துப் பாருங்கள்: கொழும்பில் மட்டும், ஊரில் மட்டும், இரண்டிலும், இரண்டிலும் இல்லை. உங்கள் மையக் கேள்விக்கான விடை அந்த நான்கு எண்களில் இருக்கிறது.

இடம்பெயர்வுதான் இதற்குக் காரணம் என்று மட்டும் எழுதாதீர்கள். ஞாயிறு காலையில் உயர்தர ரியூஷன் வகுப்பு இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிள்ளையும்தான் கோயிலுக்குப் போவதில்லை. இடம்பெயர்வே காரணம் என்று சொல்வதற்கு, இதே 13 கேள்விகளை யாழ்ப்பாணத்திலேயே வளர்ந்த அதே வயதினரிடமும் கேட்டிருக்க வேண்டும். அங்கே ஒரு நண்பர் குழு கிடைத்தால் 30 பேரிடமாவது கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதை ஆய்வின் மட்டுப்பாடுகளைச் சொல்லும் பகுதியின் முதல் வாக்கியமாக வையுங்கள்.